ஹோல்டு கேட்டும் பஸ் கை மாறவில்லையா? 8085, 8237 போர்டில் அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது

டிஎம்ஏ வேலை செய்யவில்லை என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த நொடியில் பஸ் யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. ப்ரோக்ராமைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள், மோட் ரிஜிஸ்டரில் எழுதிய பைட்டை நாலு முறை சரிபார்த்திருப்பார்கள். பஸ் கை மாறியதா, மாறி எங்கே நின்றது என்று மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே 8085 ப்ராசசரையும் 8237 டிஎம்ஏ கண்ட்ரோலரையும் எடுத்துக்கொள்கிறேன். ப்ராசசருக்கு 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். உள்ளே அது பாதியாகி 3.072 மெகாஹெர்ட்ஸ் கிளாக் ஆகிறது, அதாவது ஒரு டி-ஸ்டேட் சுமார் 325 நானோசெகண்ட். இசட்80-இல் பெயர்கள் வேறு, சிக்னல்கள் ஆக்டிவ் லோ. மற்றபடி கதை ஏறக்குறைய இதுதான்.

கை மாறும் வரிசை இது. டேட்டா தரும் சாதனம் 8237-இன் டிரெக் பின்னை உயர்த்துகிறது. 8237 தன் எச்ஆர்க்யூ பின்னை உயர்த்துகிறது. அது நேராக 8085-இன் ஹோல்டு பின்னுக்கு (39-ஆம் பின்) போகிறது. 8085 நடந்துகொண்டிருக்கும் மெஷின் சைக்கிளை முடித்துவிட்டு எச்எல்டிஏ-வை (38-ஆம் பின்) உயர்த்துகிறது, அடுத்த அரை கிளாக்கில் அட்ரஸ், டேட்டா, ஆர்டி, டபிள்யூஆர், ஐஓ/எம் எல்லாவற்றையும் மிதக்க விட்டுவிடுகிறது. எச்எல்டிஏ வந்ததைப் பார்த்த 8237 ஏஇஎன்-ஐ உயர்த்தி, சாதனத்துக்கு டாக் கொடுத்து, பஸ்ஸை ஓட்டத் தொடங்குகிறது. வேலை முடிந்ததும் எச்ஆர்க்யூ இறங்கும், பின்னாலேயே எச்எல்டிஏ இறங்கும், அரை கிளாக் கழித்து ப்ராசசர் மீண்டும் பஸ்ஸைப் பிடிக்கும்.

ஆக, பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: டிரெக், ஹோல்டு, எச்எல்டிஏ, ஏஇஎன். எது வந்தது, எது வரவில்லை என்று தெரிந்தால் பாதிப் பிழை பிடிபட்ட மாதிரி.

முதலில் ஒரு பாதுகாப்பான சோதனை

நேரடியாக நிஜ டிரான்ஸ்பரை ஓடவிட்டுப் பார்ப்பதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, சிங்கிள் மோடில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஹோல்டு சில மைக்ரோசெகண்ட்தான் உயரும். லாஜிக் ப்ரோபில் அது கண்ணுக்கே படாமல் போகலாம். இரண்டு, அட்ரஸ் பக்கம் தப்பு இருந்தால் நம் ப்ரோக்ராம் மேலேயே எழுதிவிடும். அப்புறம் என்ன நடந்தது என்று தேடுவதற்கே ப்ரோக்ராம் இருக்காது.

8237-இல் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. வெரிஃபை டிரான்ஸ்பர் என்று ஒரு வகை. அதில் 8237 பஸ்ஸை வாங்கும், அட்ரஸை ஏற்றிக்கொண்டே போகும், கவுண்ட்டையும் குறைக்கும். ஆனால் மெமரிக்கோ போர்ட்டுக்கோ ரீட், ரைட் எதுவும் கொடுக்காது. ஹேண்ட்ஷேக்கை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? பிளாக் மோடில் வைத்தால் டிரெக் பின்னே தேவையில்லை. ரிக்வெஸ்ட் ரிஜிஸ்டரில் எழுதியே கோரிக்கையைக் கிளப்பலாம். சாஃப்ட்வேர் கோரிக்கை பிளாக் மோடில்தான் எடுபடும், மாஸ்க் பிட் அதைத் தடுக்காது.

8237 போர்ட் 40H-இலிருந்து 4FH வரை இருப்பதாக வைத்துக்கொண்டு, சேனல் 1-க்கு:

```
TEST: OUT 4DH      ; மாஸ்டர் கிளியர்
      MVI A,81H    ; பிளாக், வெரிஃபை, சேனல் 1
      OUT 4BH
      MVI A,0FFH   ; கவுண்ட் FFFFH
      OUT 43H
      OUT 43H
      MVI A,05H    ; சேனல் 1-க்குக் கோரிக்கை
      OUT 49H
      JMP TEST
```

கவுண்ட் FFFFH என்றால் 65,536 சைக்கிள். ஒன்றுக்கு மூன்று கிளாக் வீதம் போட்டாலே 60 மில்லிசெகண்டுக்கு மேல் பஸ் 8237-இன் கையில் இருக்கும். ப்ராசசருக்குக் கிடைப்பது நடுவே 30 மைக்ரோசெகண்டுக்கும் குறைவுதான். ஆகவே எல்லாம் சரியாக இருந்தால் ஹோல்டு, எச்எல்டிஏ, ஏஇஎன் மூன்றும் சாதாரண ப்ரோபிலேயே ‘ஹை’ என்று தெரியும். மூன்றும் ஹை என்றால் ஹேண்ட்ஷேக் நன்றாக இருக்கிறது. நேராகக் கடைசி மூன்று அறிகுறிகளுக்குப் போய்விடலாம்.

டைனமிக் மெமரி வைத்த போர்டில் மட்டும் இந்தச் சோதனையை இவ்வளவு நீளமாக ஓட்ட வேண்டாம். மெமரியைப் புதுப்பிக்கும் வேலையை ப்ராசசர் செய்யும் போர்டாக இருந்தால் (இசட்80 அப்படித்தான்), பஸ்ஸை விட்டுக்கொடுத்த நேரம் முழுக்கப் புதுப்பித்தல் நிற்கும், மெமரி தன் நினைவை இழக்கும். கவுண்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்டு உயரவே இல்லை

சோதனை ப்ரோக்ராமில் உயர்கிறது, நிஜ டிரான்ஸ்பரில் உயரவில்லை என்றால் கோளாறு டிரெக் பக்கமோ மாஸ்க் பக்கமோதான். ரீசெட் ஆனாலும் மாஸ்டர் கிளியர் கொடுத்தாலும் நான்கு சேனலும் மாஸ்க் ஆகிவிடும். எல்லா ரிஜிஸ்டரையும் நிரப்பிய பிறகு கடைசியாக 4AH-இல் 01H எழுதி சேனல் 1-ஐத் திறக்க வேண்டும். இதை மறப்பது மிகச் சாதாரணம்.

மாஸ்க் திறந்துதான் இருக்கிறது என்றால் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை (48H) படித்துப் பாருங்கள். மேல் நான்கு பிட்டுகள் எந்தச் சேனலில் கோரிக்கை நிற்கிறது என்று சொல்லும். சேனல் 1-க்கு அது பிட் 5. சாதனம் கேட்டும் அந்த பிட் 0 என்றால் டிரெக் 8237-க்கு வந்து சேரவில்லை, அல்லது டாக் வரும்வரை நிற்காமல் சட்டென்று விழுந்துவிடுகிறது. ஏடிசி-யின் முடிந்தது சிக்னலைக் குறுகிய பல்ஸாக அப்படியே டிரெக்கில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். நடுவில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் போட்டுப் பிடித்து வைத்து, டாக் வந்ததும் கிளியர் செய்ய வேண்டும்.

அந்த கிளியரை மறந்தால் எதிர்ப்பக்கத் தொல்லை. டிரெக் உயர்ந்தபடியே நிற்கும், 8237 ஒரே சாம்பிளை இரண்டு, மூன்று முறை எடுத்து அடுத்தடுத்த அட்ரஸில் வைக்கும்.

சோதனையிலேயே ஹோல்டு உயரவில்லை என்றால் 8237-இன் கிளாக்கையும் (12-ஆம் பின்), கமாண்ட் ரிஜிஸ்டரின் பிட் 2-வையும் பாருங்கள். அந்த பிட் 1 ஆனால் கண்ட்ரோலர் மொத்தமாக முடக்கம்.

ஹோல்டு உயர்ந்தது, எச்எல்டிஏ வரவில்லை

இங்கே பலர் ப்ரோக்ராமைச் சந்தேகிப்பார்கள். இன்டரப்ட் தடையில் இருக்கிறதோ, டிஐ போட்டதை எடுக்க வேண்டுமோ என்று. வேண்டியதில்லை. ஹோல்டுக்கு அனுமதி என்று ஒன்று 8085-இல் கிடையாது. ஹால்ட் நிலையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது பஸ்ஸைக் கொடுக்கும்.

கொடுக்காமல் இருக்க முக்கியக் காரணம், நடக்கும் மெஷின் சைக்கிள் முடியாமல் இருப்பது. சைக்கிளை முடிக்காமல் தொங்க வைப்பது ரெடி பின் (35). மெதுவான ஏதோ ஒரு சாதனத்துக்காகப் போட்ட வெயிட் ஸ்டேட் சர்க்யூட் ரெடியைத் தாழ்த்திவிட்டு உயர்த்த மறந்தால் ப்ராசசர் அந்த இடத்திலேயே நிற்கும், ஹோல்டைக் கவனிக்காது. ப்ரோபை ரெடியில் வையுங்கள். அது சரி என்றால் ரீசெட் பின், அப்புறம் ஹோல்டு கம்பி உண்மையிலேயே 39-ஆம் பின் வரை போகிறதா என்பது. சாக்கெட்டில் அல்ல, சிப்பின் காலிலேயே வைத்துப் பாருங்கள்.

வெயிட் ஸ்டேட் இல்லாத போர்டில் ஹோல்டு உயர்ந்து சில மைக்ரோசெகண்டுக்குள் எச்எல்டிஏ வந்தாக வேண்டும். ஒரு மெஷின் சைக்கிள் அதிகபட்சம் ஆறு டி-ஸ்டேட்தான்.

எச்எல்டிஏ வந்தது, அப்படியே நின்றுவிட்டது

ப்ராசசர் உறைந்துபோகும். கீபோர்டு, டிஸ்ப்ளே எதுவும் அசையாது. சாதாரண இன்டரப்டும் எழுப்பாது, ஏனென்றால் ஹோல்டு இறங்கும்வரை இன்டரப்டைக் கவனிக்க வழியில்லை. இந்த நிலையில் ஏஇஎன்-ஐப் பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏஇஎன் தாழ்ந்திருந்தால் பஸ் யார் கையிலும் இல்லை. ப்ராசசர் கொடுத்துவிட்டது, 8237 வாங்கவில்லை. எச்எல்டிஏ 8085-இலிருந்து கிளம்பியும் 8237-இன் 7-ஆம் பின்னுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அது ‘கொடுத்தாயிற்று’ என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது, ப்ராசசர் ‘போதும்’ என்ற சொல்லுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் மரியாதையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். காரணம் பெரும்பாலும் ஒரு உலர்ந்த சால்டர் அல்லது வளைந்த கால்.

பஸ் யார் கையிலும் இல்லாமல் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 8237-ஐ சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு போர்டை ஓட்டியிருப்பீர்கள். அப்போது ஹோல்டு பின் அந்தரத்தில் மிதக்கும், தன் இஷ்டத்துக்கு உயரும். சிப் இல்லாதபோது ஹோல்டைத் தரையோடு கட்ட வேண்டும். நிரந்தரமாக ஒரு புல்-டவுன் ரெசிஸ்டர் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஏஇஎன் உயர்ந்தே இருந்தால் பஸ் 8237-இடம் இருக்கிறது, ஆனால் அது முடிக்கவில்லை. 8237-க்கும் சொந்தமாக ஒரு ரெடி பின் (6) உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். இல்லாவிட்டால் டிமாண்ட் மோடில் டிரெக் இறங்காமல் இருக்கலாம், அல்லது பிளாக் மோடில் பெரிய கவுண்ட் கொடுத்திருக்கலாம். பின்னது பிழையே இல்லை, பொறுமைதான் வேண்டும்.

ஹேண்ட்ஷேக் சரி, டேட்டா தப்பான இடத்தில்

இதில்தான் எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் போயின. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏடிசி-யிலிருந்து 64 சாம்பிளை 8400H முதல் 843FH வரை நிரப்ப வேண்டும். சேனல் 1, சிங்கிள் மோட், போர்ட்டிலிருந்து மெமரிக்கு. ஆக மோட் பைட் 45H, கவுண்ட் 003FH (ஒன்று குறைத்துத்தான் எழுத வேண்டும்). டிரான்ஸ்பர் முடியும்வரை ப்ராசசர் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டே சுற்றும்:

```
2018  IN  48H
201A  ANI 02H
201C  JZ  2018H
```

ஓட்டுவதற்கு முன் 8400H-இலிருந்து 84FFH வரை AAH என்று நிரப்பி வைத்தேன். ஓடியது. டெர்மினல் கவுண்ட் வந்தது, லூப்பிலிருந்து வெளியே வந்தது, உறையவில்லை. மெமரியைப் பார்த்தால் 64 பைட்டுக்கு எட்டே எட்டுதான் மாறியிருந்தது. 8418H முதல் 841EH வரை ஏழு. அப்புறம், நான் கொடுத்த எல்லைக்கு வெளியே, தனியாக 8448H-இல் ஒன்று. மீதி எல்லாம் AAH.

முதலில் 8237 சிப்பே கெட்டுவிட்டது என்று வேறொன்று மாட்டினேன். அதே எட்டு. கவுண்ட்டை மாற்றினேன். அதே எட்டு. லூப்புக்கு முன்னால் இரண்டு என்ஓபி சேர்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஏழு பைட்டும் இரண்டு இடம் தள்ளி 841AH முதல் 8420H வரைக்குப் போய்விட்டன, 8448H மட்டும் அசையவில்லை.

48H என்பது ஸ்டேட்டஸ் போர்ட்டின் எண். 18H முதல் 1EH வரை என்பது அந்த லூப்பின் சொந்த அட்ரஸ்களின் கீழ் பைட். ப்ராசசர் கடைசியாகப் பஸ்ஸில் வைத்த அட்ரஸின் கீழ் பாதி டிஎம்ஏ நேரத்திலும் பஸ்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது! மேல் பாதி 84H மட்டும் 8237-இலிருந்து சரியாக வருகிறது.

காரணம் இப்படி. 8085-இல் அட்ரஸின் கீழ் எட்டு பிட்டும் டேட்டாவும் ஒரே பின்களில் வரும். அவற்றைப் பிரிக்க வெளியே 74LS373 லாட்ச் ஒன்று, ஏஎல்இ அதைத் தூண்டும். எச்எல்டிஏ வந்ததும் ப்ராசசர் தன் பின்களை மிதக்கவிடும், ஆனால் இந்த லாட்ச் ப்ராசசருக்கு வெளியே இருக்கிறது. ‘பஸ்ஸை விடு’ என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. என் போர்டில் அதன் அவுட்புட் எனேபிள் (1-ஆம் பின்) தரையில் கட்டியிருந்தது. டிஎம்ஏ இல்லாத போர்டின் படத்தைப் பார்த்துப் போட்டது. அங்கே அது சரி. ஏஎல்இ டிரைஸ்டேட் ஆவதில்லை, ஹோல்டு நேரத்தில் புது பல்ஸும் வருவதில்லை. ஆகவே லாட்ச் பழைய பைட்டையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு 8237-இன் மெல்லிய என்மாஸ் அவுட்புட்டோடு மல்லுக்கு நின்றது. எல்எஸ் சிப்பின் கை பலமானது. என் போர்டில் அதுதான் ஜெயித்தது. உங்கள் போர்டில் சில பிட்டுகளில் மட்டும் ஜெயித்து, இன்னும் குழப்பமான அட்ரஸ்களைத் தரலாம்.

ஏன் சரியாக எட்டு? அந்த லூப்பில் எட்டு மெஷின் சைக்கிள்: ஐஎன்-க்கு மூன்று (அதில் மூன்றாவது போர்ட் ரீட், 48H), ஏஎன்ஐ-க்கு இரண்டு, ஜேஇசட் தாவும்போது மூன்று. ஹோல்டு எந்த சைக்கிளின் முடிவில் கிடைக்கிறதோ அதன் கீழ் பைட்டில் சாம்பிள் விழுகிறது.

மருந்து ஒரு கம்பிதான். லாட்சின் 1-ஆம் பின்னைத் தரையிலிருந்து எடுத்து ஏஇஎன்-இல் கொடுத்தேன். ஏஇஎன் தாழ்ந்திருக்கும்போது லாட்ச் ஓட்டும், உயர்ந்ததும் விட்டுவிடும், இன்வெர்ட்டர்கூடத் தேவையில்லை. 8237-இன் மேல் அட்ரஸ் பைட்டைப் பிடிக்கும் இன்னொரு லாட்சுக்குத்தான் தலைகீழான ஏஇஎன் வேண்டும்.

இதே பார்வையோடு ப்ராசசருக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் பாருங்கள். மேல் அட்ரஸ் பைட்டுக்கு பஃபர் போட்டிருக்கிறீர்களா? அதற்கும் ஏஇஎன் போக வேண்டும். ஆர்டி, டபிள்யூஆர், ஐஓ/எம் மூன்றிலிருந்து மெமரி ரீட், மெமரி ரைட், ஐஓ ரீட், ஐஓ ரைட் என்று நான்கு கண்ட்ரோல் கம்பிகளை 74LS138-இல் உண்டாக்கியிருக்கிறீர்களா? அந்தச் சிப்புக்கு மிதக்கவே தெரியாது, 8237 அதே கம்பிகளை ஓட்ட வரும்போது மோதும். டிரைஸ்டேட் உள்ள 74LS257 மாதிரி ஒன்றைப் போட வேண்டும். அந்த நான்கு கம்பிகளுக்கும் தலா ஒரு புல்-அப் ரெசிஸ்டரும் தேவை. ப்ராசசர் விட்ட பிறகு 8237 பிடிக்கும்வரை ஒரு சின்ன இடைவெளியில் அவை யார் கையிலும் இல்லை. அப்போது ரைட் கம்பி தானாகத் தாழ்ந்தால் எங்காவது ஒரு பைட் அழியும்.

எல்லாம் சரி, நாலு பைட் மட்டும் எப்போதும் குப்பை

கம்பியை மாற்றிய பிறகு 8420H முதல் 8423H வரை மட்டும் தப்பாக வந்தது. அதே போர்டில் ஒரு 8255, போர்ட் 20H முதல் 23H வரை. இப்போது ஊகித்திருப்பீர்கள்.

போர்ட்டிலிருந்து மெமரிக்கு மாற்றும்போது 8237 ஐஓ ரீட் கம்பியைத் தாழ்த்துகிறது, ஆனால் அட்ரஸ் பஸ்ஸில் இருப்பது மெமரி அட்ரஸ். எந்தச் சாதனம் பேச வேண்டும் என்பதை டாக்தான் சொல்கிறது. 8255-இன் டீகோடருக்கு இது தெரியாது. கீழ் பைட் 20H, ஐஓ ரீட் தாழ்வு, சரி நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதுவும் தன் டேட்டாவைப் பஸ்ஸில் கொட்டுகிறது. ஏடிசி-யின் டேட்டாவும் அதுவும் கலந்துவிடும்.

போர்ட் டீகோடரின் ஆக்டிவ் லோ எனேபிள் ஒன்றில் ஏஇஎன்-ஐக் கொடுத்தால் டிஎம்ஏ நேரத்தில் அத்தனை போர்ட்டும் வாயை மூடிக்கொள்ளும். டீகோடரை மேல் எட்டு பிட்டில் கட்டியிருந்தால் அறிகுறி வேறு மாதிரி: 20H முதல் 23H வரை தொடங்கும் பக்கங்களுக்கு டிஎம்ஏ செய்தால் பக்கம் முழுவதும் கெடும், 84H பக்கத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் பஃபரை வேறிடத்துக்கு மாற்றியதும் பிழை ‘சரியாகிவிட்டது’ என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஒருமுறை ஓடுகிறது, மறுமுறை இல்லை

கவுண்ட் முடிந்ததும், ஆட்டோ-இனிஷியலைஸ் போடாத சேனலை 8237 தானே மாஸ்க் செய்துவிடும். அட்ரஸையும் கவுண்ட்டையும் மறுபடி எழுதிவிட்டு 4AH-இல் 01H போடுங்கள். எழுதுவதற்கு முன் 4CH-இல் ஏதாவது ஒன்றை எழுதி பைட் ஃபிளிப்-ஃபிளாப்பை கிளியர் செய்யுங்கள், இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் கீழ் பைட்டும் மேல் பைட்டும் இடம் மாறி 8400H என்று நீங்கள் எழுதியது 0084H ஆகிவிடும்.